கருத்தடைக் குளிசை முட்டையை எப்படி நிறுத்துகிறது, ஏழு நாள் இடைவெளியில் என்ன நடக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குடும்பத் திட்டமிடல் கிளினிக்குகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இரண்டு ஹோர்மோன் சேர்ந்த குளிசையைப் பற்றி மட்டும்தான் இந்தப் பக்கம். மூன்று மாத ஊசி, கையில் வைக்கும் இம்ப்ளாண்ட், லூப் எல்லாம் வேறு கதை. 28 குளிசை உள்ள அட்டையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்: ஹோர்மோன் உள்ள 21 வெள்ளைக் குளிசை, கடைசி வரிசையில் 7 கபில நிற இரும்புக் குளிசை. ஒரு வெள்ளைக் குளிசையில் பொதுவாக 0.03 மி.கி எதினைல் எஸ்ட்ரடையோலும் 0.15 மி.கி லெவோனொர்ஜெஸ்ட்ரலும் இருக்கும். முதலாவது ஈஸ்திரோஜன் வகை, இரண்டாவது புரோஜெஸ்டின், அதாவது புரோஜெஸ்தரோன் போல வேலை செய்யும் மருந்து.

மிஸ், குளிசை வயித்துக்குள்ளதானே போகுது, அது எப்படி மூளையைப் போய்ப் பிடிக்கும்?

குடலில் கரைந்து இரத்தத்தில் கலந்துவிட்டால் அது உடம்பு முழுக்கப் போகும், மூளைக்கும் போகும். அங்கே அதற்குப் பழக்கமான ஒரு இடம் இருக்கிறது.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலமஸ் என்ற சிறு பகுதி. அது ஜி.என்.ஆர்.எச் என்ற ஹோர்மோனை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்புகிறது, மாதவிடாய் முடிந்து முட்டை வளரும் நாட்களில் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. அந்தத் துடிப்பு ஒரு சின்ன இரத்தக்குழாய் வலை வழியே நேராகக் கீழே இருக்கும் கபச்சுரப்பிக்குப் போகிறது. கபச்சுரப்பி அதைக் கேட்டு இரண்டு ஹோர்மோன்களை இரத்தத்தில் விடும். எஃப்.எஸ்.எச் சூலகத்தில் முட்டை இருக்கும் சிறு நீர்ப்பையை, அதாவது ஃபோலிக்கிளை, வளர்க்கிறது. எல்.எச் மாத நடுவில் ஒரே எகிறாக எகிறி, முற்றிய ஃபோலிக்கிளை உடைத்து முட்டையை வெளியே விடுகிறது.

இனி சூலகம் சும்மா இருக்காது. வளரும் ஃபோலிக்கிள் ஈஸ்திரோஜன் சுரக்கும், முட்டை போன பிறகு மிஞ்சும் பகுதி புரோஜெஸ்தரோனும் சுரக்கும். இந்த இரண்டும் இரத்தத்தில் ஏறும்போது ஹைப்போதலமஸும் கபச்சுரப்பியும் "போதும்" என்று தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ளும். நம் பக்கத்து வயல்காரருக்கு இது புரியும்: வயலில் தண்ணீர் நிறைந்து நிற்பதைக் கண்டால் வட்டவிதானை துருசைத் திறக்க மாட்டார், அந்தத் தண்ணீர் குளத்திலிருந்து வந்ததா மழையால் வந்ததா என்று பார்க்கவும் மாட்டார். குளிசை என்பது வெளியிலிருந்து வந்த தண்ணீர். அளவு இருக்கிறது என்று மேலே இருப்பவர்கள் நினைத்துக்கொள்ள, கீழே ஃபோலிக்கிள் வளரத் தேவையான எஃப்.எஸ்.எச் வராமல் போகிறது.

அப்ப ஏன் ரெண்டு ஹோர்மோன்? ஒண்டு போதாதா?

இரண்டும் இரண்டு வேலை பார்க்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் மற்றக் கேள்விகளில் பாதி தானாகவே தீரும்.

எல்.எச் எகிறுவதைத் தடுப்பது முக்கியமாகப் புரோஜெஸ்டின். ஜி.என்.ஆர்.எச் துடிப்பை ஆட்டிவைக்கும் நரம்புக் கலங்கள் ஹைப்போதலமஸில் இருக்கின்றன, கிஸ்பெப்டின் கலங்கள் என்பார்கள். புரோஜெஸ்டின் அவற்றைப் பிடித்துத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கிறது. மாதத்தின் பிற்பாதியில் நம் சொந்தப் புரோஜெஸ்தரோன் செய்வதும் இதுதான், அந்த நாட்களில் துடிப்பு மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று இறங்கிவிடும். துடிப்பு மெதுவாக இருக்கும்வரை எல்.எச் எகிற வழியில்லை. லெவோனொர்ஜெஸ்ட்ரல் நாளொன்றுக்கு 0.06 மி.கி அளவிலேயே முட்டை வெளியேறுவதை நிறுத்தக்கூடியது, குளிசையில் இருப்பது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு நாள் மறந்தால் உடனே எல்லாம் கவிழ்ந்துவிடாததற்கு இந்த மிச்சமும் ஒரு காரணம்.

எஃப்.எஸ்.எச்சை அமுக்குவதில் ஈஸ்திரோஜனின் கை பெரியது. எஃப்.எஸ்.எச் குறைந்தால் பல சின்ன ஃபோலிக்கிள்களில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு தலைவன் ஆகும் கட்டமே வராது. அதோடு கருப்பையின் உட்படலத்தைப் பிடித்து வைப்பதும் ஈஸ்திரோஜன்தான். புரோஜெஸ்டின் மட்டும் கொடுத்தால் நேரங்கெட்ட நேரத்தில் இரத்தம் படும், பெண்கள் வெறுத்துப்போய் நிறுத்திவிடுவார்கள்.

கருப்பைக் கழுத்தில் உள்ள சளியைத் தடிப்பாக்கி விந்தணுவை மறிப்பது புரோஜெஸ்டினின் இன்னொரு வேலை. அது துணைக்காவல்தான், முதற்காவல் மேலே சொன்னது.

நான் ஏ.எல் பயோ படிக்கிறன். ஈஸ்திரோஜன் கூடினாத்தான் எல்.எச் எகிறும் என்று சேர் படிப்பித்தவர். பிறகு ஈஸ்திரோஜன் குளிசை போட்டா எப்படி எல்.எச் குறையும்?

நல்ல இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். சேர் சொன்னது சரி, ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு.

ஈஸ்திரோஜன் நடுத்தர அளவில் இருக்கும்வரை அது தடுக்கும் பக்கம்தான். ஒரு ஃபோலிக்கிள் முற்றி, இரத்தத்தில் எஸ்ட்ரடையோல் மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 200 பிக்கோகிராமைத் தாண்டி, ஏறத்தாழ இரண்டு நாள் அந்த உயரத்திலேயே நின்றால்தான் தடுத்த கை தூண்டும் கையாக மாறும். அப்போது எல்.எச் எகிறும், எகிறத் தொடங்கி ஏறக்குறைய 36 மணித்தியாலத்தில் முட்டை வெளியே வரும்.

குளிசை போடும் பெண்ணில் இந்த வழி இரண்டு இடத்தில் அடைபடுகிறது. எஃப்.எஸ்.எச் இல்லாததால் எந்த ஃபோலிக்கிளும் முற்றாது, ஆகவே சூலகத்தின் சொந்த எஸ்ட்ரடையோல் அந்த உயரத்துக்கு ஏறுவதே இல்லை. தப்பித்தவறி ஒரு ஃபோலிக்கிள் வளர்ந்து எஸ்ட்ரடையோல் ஏறினாலும், பக்கத்தில் புரோஜெஸ்டின் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது. அது இருக்கும்போது அந்தத் தூண்டல் நடக்காது. புரோஜெஸ்டின் முதலில் வந்துவிட்டதா, பிந்தி வந்ததா என்பதுதான் இங்கே எல்லாம். இதை நினைவில் வையுங்கள், மறந்துபோன குளிசையின் கதை முழுக்க இந்த வரிசையில்தான் தங்கியிருக்கிறது.

கபிலக் குளிசை போடுற கிழமையில ஹோர்மோனே இல்லை எண்டால் அந்த ஏழு நாளும் பாதுகாப்பு இருக்கா?

இருக்கிறது, ஆனால் ஒரு கணக்கோடு. 21 வெள்ளைக் குளிசையையும் ஒழுங்காகப் போட்டிருக்க வேண்டும், எட்டாம் நாள் புது அட்டையைத் தொடங்கவும் வேண்டும்.

இந்த ஏழு நாளில் உடம்பு சும்மா இருப்பதில்லை. கடைசி வெள்ளைக் குளிசைக்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் மருந்து இரத்தத்திலிருந்து பெரும்பாலும் இறங்கிவிடும், கருப்பைப் படலம் பிடியிழந்து இரத்தம் போகும். அது முட்டை வந்து போன மாதவிடாய் அல்ல, ஹோர்மோன் நின்றதால் வரும் கழிவு. அப்புறம் நான்காம் நாளளவில் கபச்சுரப்பி விழித்துக்கொண்டு எஃப்.எஸ்.எச்சை ஏற்றத் தொடங்கும். ஏழாம் நாள் முடியும்போது எஃப்.எஸ்.எச் சாதாரண மாதத்தின் ஆரம்ப நாட்களில் இருக்கும் அளவுக்கு வந்துவிடும், சிலருக்கு ஸ்கானில் 10 மில்லிமீற்றர் அளவில் ஒரு ஃபோலிக்கிள்கூடத் தெரியும். முட்டை வெளிவரும்போது அது 20 மி.மீ அளவில் இருக்கும், எனவே இன்னும் பாதித் தூரம் இருக்கிறது. எட்டாம் நாள் வெள்ளைக் குளிசை உள்ளே போனதும் எஃப்.எஸ்.எச் மீண்டும் இறங்கும், அந்த ஃபோலிக்கிள் பெரும்பாலும் சுருங்கிப் போகும்.

ஏழு நாள் என்பது உடம்பு தாங்கக்கூடிய எல்லைக்குக் கிட்டவே போய் நிற்கும் இடைவெளி. ஆரம்பகாலக் குளிசைகளில் ஈஸ்திரோஜன் பல மடங்கு கூட இருந்தது, அமுக்கமும் பலமாக இருந்தது. இரத்தம் உறையும் ஆபத்தைக் குறைக்க அளவைக் கீழே கொண்டுவந்தார்கள், ஆனால் அந்த ஏழு நாளை அப்படியே விட்டுவைத்தார்கள். இப்போது சில புதிய அட்டைகளில் ஹோர்மோன் குளிசை 24, வெறும் குளிசை 4 என்று இடைவெளியைச் சுருக்கியிருப்பது இதற்காகத்தான்.

அக்கரைப்பற்றில கலியாண வீட்டுக்கு வந்து அட்டையை வீட்டில விட்டுட்டன். புது அட்டை மூண்டு நாள் பிந்திப் போச்சு. நடு அட்டையில மூண்டு நாள் விட்டாலும் இதே கதைதானா?

இல்லை, இரண்டும் ஒன்றல்ல. அட்டையின் தொடக்கத்தில் விடுவதுதான் ஆபத்து. உங்கள் கணக்கையே எடுத்துப் பார்ப்போம்.

கடைசி வெள்ளைக் குளிசை சனிக்கிழமை என்று வைப்போம். ஞாயிறு முதல் அடுத்த சனி வரை கபிலக் குளிசை, ஏழு நாள். ஞாயிறு புது அட்டை தொடங்கியிருக்க வேண்டும். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்றும் போய்ப் புதன்கிழமைதான் தொடங்கினீர்கள். உங்கள் உடம்புக்குத் தெரிந்தது "மூன்று குளிசை போச்சு" என்பதல்ல, "பத்து நாள் ஹோர்மோன் இல்லை" என்பதுதான். கபிலக் குளிசை முடிந்த இரண்டாவது சனிக்கிழமை ஃபோலிக்கிள் 10 மி.மீ இருந்திருந்தால், வளரத் தொடங்கிய ஃபோலிக்கிள் நாளுக்கு ஏறக்குறைய 2 மி.மீ கூடும், செவ்வாய் முடிய அது 16 மி.மீ. இப்போது அதுவே எஸ்ட்ரடையோலைச் சுரந்து எல்.எச்சைக் கிளப்பப் பார்க்கும் நிலையில் இருக்கிறது. 10 மி.மீயில் குளிசையைத் தொடங்கினால் ஃபோலிக்கிள் அடங்கிவிடும், 18 மி.மீ ஆன பிறகு தொடங்கினால் பெரும்பாலும் முட்டை வந்தே தீரும் என்று ஸ்கான் செய்து பார்த்திருக்கிறார்கள். இடையில் இருப்பவர்களுக்கு இரண்டில் எதுவும் நடக்கலாம். எல்லாருக்கும் இப்படி வளர்வதில்லை, பலருக்குப் பத்தாம் நாளும் ஒன்றும் இருக்காது. ஆனால் உங்களுக்கு எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

நடு அட்டையில், சொல்லப்போனால் 11, 12, 13ஆம் குளிசையை விட்டால், அதற்கு முன் பத்து நாள் ஹோர்மோன் போயிருக்கிறது. எஃப்.எஸ்.எச் அமுங்கிக் கிடக்கிறது, ஃபோலிக்கிள்கள் சின்னதாக இருக்கின்றன. தொடர்ந்து ஏழு குளிசை போட்டாலே சூலகம் அடங்கிவிடும் என்பதுதான் அடிப்படைக் கணக்கு. மூன்று நாள் விடுகை வழமையான ஏழு நாள் இடைவெளியைவிடக் குறைவு, ஃபோலிக்கிள் அந்தப் பாதித் தூரத்துக்கே வந்திருக்காது.

அப்ப என்ன செய்யணும்? சுருக்கமாச் சொல்லுங்கோ.

ஒரு குளிசை மட்டும் விட்டிருந்தால் நினைவு வந்ததும் போடுங்கள், அன்றையதையும் உரிய நேரத்தில் போடுங்கள், ஒரே நாளில் இரண்டு விழுந்தாலும் பரவாயில்லை. வேறு எதுவும் தேவையில்லை.

இரண்டோ அதற்கு மேலோ விட்டிருந்தால், கடைசியாக விட்ட ஒன்றை மட்டும் உடனே போட்டு, மிச்சத்தை விட்டுவிட்டு, அட்டையைத் தொடருங்கள். தொடர்ந்து ஏழு ஹோர்மோன் குளிசை உள்ளே போகும்வரை கொண்டம் பாவியுங்கள் அல்லது உறவைத் தவிருங்கள். அது அட்டையின் கடைசிக் கிழமை என்றால், வெள்ளையை முடித்ததும் கபிலத்தைப் போடாமல் நேராகப் புது அட்டைக்குப் போங்கள், இல்லையென்றால் ஏற்கெனவே இருந்த ஓட்டையோடு இன்னும் ஏழு நாள் சேரும். முதற் கிழமை என்றால், கடந்த ஐந்து நாளுக்குள் பாதுகாப்பில்லாத உறவு நடந்திருந்தால், அவசரக் கருத்தடை பற்றி அன்றைக்கே கிளினிக்கிலோ பாமசியிலோ கேளுங்கள்.

மேலே உள்ள கேள்வியைக் கேட்டவர் இந்தக் கடைசி வகையில்தான் வருகிறார். பாமசியில் கிடைக்கும் லெவோனொர்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி அவசரக் குளிசையும் எல்.எச் எகிறுவதைப் பிற்போட்டுத்தான் வேலை செய்கிறது. எல்.எச் ஏறத் தொடங்கிவிட்டால் அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, ஆகவே நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளாதீர்கள். ஐந்து நாளுக்குள் செம்பு லூப் வைப்பது அதைவிட உறுதியானது.

பிறகு, அந்த அட்டையின் கபிலக் கிழமையில் இரத்தம் படாவிட்டால் சிறுநீர்ச் சோதனை ஒன்று செய்து பாருங்கள். கொஞ்சமாகப் பட்டு வழமை போல இல்லாவிட்டாலும் செய்யுங்கள்.

நோன்பு காலத்தில இரவு ஒன்பது மணிக் குளிசையை ஸஹருக்கு மாத்தலாமா? நோன்பு விடாம இருக்க ரெண்டு அட்டையை ஒண்டா ஓட்டலாமா? எங்கட பக்கத்தாக்கள் கதிர்காமம் நடந்து போகக்குள்ளயும் இதைத்தான் கேக்கிறாங்க.

நேரத்தை மாற்றலாம். ஒன்பது மணியிலிருந்து ஸஹருக்கு மாற்றினால் ஏழெட்டு மணித்தியாலம் பிந்தும், அது இந்தக் குளிசைக்குப் பெரிதல்ல. ஒரு முழு நாள் பிந்தினால்தான் "விட்டது" என்ற கணக்கு தொடங்கும்.

ஒன்றாக ஓட்டுவதும் பிரச்சினை இல்லை. 21 வெள்ளை முடிந்ததும் கபிலத்தை ஒதுக்கிவிட்டுப் புது அட்டையின் வெள்ளையைத் தொடங்குங்கள். கபச்சுரப்பி விழிக்கச் சந்தர்ப்பமே கிடைக்காது, எனவே கருத்தடைப் பக்கம் பார்த்தால் இது வழமையைவிடப் பலமான முறை. இரத்தம் "உள்ளே தேங்கி நிற்கும்" என்ற பயம் வேண்டாம், ஈஸ்திரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்து இருக்கும்போது படலம் மெல்லியதாகவே இருக்கும், வெளியேற ஒன்றும் சேர்வதில்லை. இடையில் சொட்டுச் சொட்டாகப் படலாம், அதனால் நோன்புக்கோ நடைக்கோ ஒரு மாதம் முன்பே குளிசையைத் தொடங்கிப் பழகியிருப்பது நல்லது. மாதவிடாயைத் தள்ளிப்போட என்று தனியாக எழுதித்தரும் நோரெதிஸ்தரோன் குளிசை வேறு, அதைக் கருத்தடை என்று நம்பாதீர்கள்.

வருஷக் கணக்கா முட்டை வராம இருந்தா முட்டையெல்லாம் மிச்சமாகி மெனோபோஸ் பிந்துமா? இல்லாட்டி பிறகு பிள்ளையே கிடைக்காதா?

இரண்டும் இல்லை. ஃபோலிக்கிள்கள் ஆரம்பக் கட்டத்தில் கபச்சுரப்பியின் சொல்லைக் கேட்பதில்லை. எஃப்.எஸ்.எச் இல்லாமலே அவை தூக்கத்திலிருந்து விழித்து இரண்டு மி.மீ அளவு வரை வளர்கின்றன, பிறகு ஆதரவு கிடைக்காதவை அழிந்துபோகின்றன. சாதாரண மாதத்திலும் வெளியேறுவது ஒன்று, அழிவது பல. குளிசை அந்த ஒன்றைத்தான் நிறுத்துகிறது, அழிவை நிறுத்துவதில்லை.

அதேபோல, குளிசையை நிறுத்தினால் கபச்சுரப்பி திரும்பி வரும் வேகத்தை அந்த ஏழு நாளிலேயே பார்த்தோம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் முட்டை வரும். முதல் மாதவிடாய்க்கு முன்பே கர்ப்பம் தங்கக்கூடும், அதனால் "ஒரு மாதம் பார்த்துத்தான்" என்று கவனயீனமாக இருக்க வேண்டாம். மாதக்கணக்கில் பிந்துவது மூன்று மாத ஊசிக்குத்தான், அதை நிறுத்தியவர்களின் அனுபவம் குளிசையின் பேரில் ஊருக்குள் பரவியிருக்கிறது.

எனக்கு டி.பி மருந்து தொடங்கினவங்க. குளிசையையும் சேர்த்துப் போடலாமா?

டி.பி மருந்தில் ரிஃபாம்பிசின் இருக்கும், அது ஈரலைத் தூண்டி இரண்டு ஹோர்மோனையும் வேகமாக உடைத்துத் தள்ளிவிடும். நீங்கள் ஒரு நாளும் மறக்காமல் போட்டாலும் இரத்தத்தில் அளவு போதாது, கபச்சுரப்பிக்கு அது ஹோர்மோன் இல்லாத கிழமை போலத்தான் தெரியும். வலிப்புக்குக் கொடுக்கும் காபமசெபீன், ஃபெனிட்டோயினும் இப்படித்தான். எனவே இந்த மருந்துகள் முடிந்து 28 நாள் வரை குளிசையை நம்ப வேண்டாம், லூப் அல்லது மூன்று மாத ஊசிக்கு மாறுவதைக் கிளினிக்கில் பேசுங்கள். தொண்டைநோ, பல்வலிக்குக் கொடுக்கும் அமொக்சிசிலின் போன்ற சாதாரண அன்டிபயோட்டிக் இதில் சேராது, ஆனால் அதனால் வாந்தி வந்தால் கவனியுங்கள்: குளிசை போட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடுங்கள்.

பிரசர் கூடியவர்கள், 35 வயதுக்கு மேல் சிகரெட் பிடிப்பவர்கள், கண்ணில் மின்னல் போலத் தெரிந்து பிறகு வரும் தலையிடி உள்ளவர்கள், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர்கள், ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுப்பவர்கள் இந்த வகைக் குளிசையைத் தாமாகத் தொடங்கக்கூடாது. பிரசரைப் பார்க்காமல் யாரும் உங்களுக்கு முதல் அட்டையைத் தந்தால், பார்த்துவிட்டுத் தாருங்கள் என்று கேளுங்கள்.